பிளாஸ்ட் முடிவில் எந்தக் கட்டத்தை நம்புவது?

ஒரு புரத வரிசைக்கு ஒத்த வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடித் தருவது பிளாஸ்ட். அதன் முடிவு அட்டவணையில் ஒற்றுமை விழுக்காடான `Per. Ident` 98 என்று கண்டதும் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். இரண்டு புரதங்களும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது, இப்படியொரு பொருத்தம் தற்செயலாக எத்தனை கிடைக்கும் என்று சொல்லும் `E value`. அடுத்தது, தேடிய வரிசையில் எவ்வளவு பங்கு பொருந்தியது என்று சொல்லும் `Query Cover`. ஒற்றுமை விழுக்காட்டுக்குக் கடைசி இடம்தான்.

காரணம், அந்த விழுக்காடு எவ்வளவு நீளத்துக்கு என்று சொல்வதில்லை. தேடும் புரதத்தில் 150 அமினோ அமிலங்கள், தரவுத்தளத்தில் மொத்தம் 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். `E value` கணக்கு இதுதான்:

```
E = m × n / 2^S
```

m தேடல் நீளம், n தரவுத்தள நீளம், S பொருத்தத்தின் மதிப்பெண்ணான பிட் ஸ்கோர். 12 எழுத்துகள் மட்டும் நூற்றுக்கு நூறு பொருந்தினால் சுமார் 28 பிட்தான் தேறும். E ஏறத்தாழ 56. அதாவது அந்த அளவுக்குப் பொருத்தங்கள் தற்செயலாகவே ஐம்பதுக்கு மேல் கிடைக்கும். முழு நீளத்திலும் 25% மட்டுமே பொருந்தி 50 பிட் பெற்ற இன்னொரு வரிசைக்கோ E சுமார் 0.00001. உறவுக்காரன் இரண்டாவதுதான். மனித மயோகுளோபினும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியும் கால்வாசிதான் ஒத்திருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம்.

E-க்கும் ஒரு பலவீனம் உண்டு: தரவுத்தளம் நூறு மடங்கு பெருத்தால் அதே பொருத்தத்தின் E-யும் நூறு மடங்கு ஏறும். மேலே சொன்ன 0.00001 அங்கே 0.001 ஆகிவிடும். வெவ்வேறு தளங்களில் கிடைத்த முடிவுகளை ஒப்பிட பிட் ஸ்கோரே சரி. புரதத் தேடலில் 0.001-க்குக் கீழே இருந்தால் உறவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குளுட்டமின் வரிசையாக ஓடுவதுபோல ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் பகுதி, உறவே இல்லாமலும் E-யைக் கீழே இறக்கும். அலைன்மென்ட்டைத் திறந்து கண்ணால் பார்த்தால் பிடிபட்டுவிடும். எளிய பகுதிகளை மறைக்கும் வடிகட்டியை இயக்கி மறுபடி தேடினால் அந்தப் பொருத்தம் சரிந்துவிடும்.

E சொல்லாத ஒன்றை `Query Cover` சொல்லும். 900 அமினோ அமிலப் புரதத்தில் E 1e-60, ஆனால் கவரேஜ் 30% என்றால், பொருந்தியது சுமார் 270 எழுத்து நீளமுள்ள ஒரு டொமைன் மட்டுமே. கைனேஸ் டொமைன் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். அந்தத் துண்டுக்கு உறவு உறுதி. முழுப் புரதத்துக்கும் அதே பெயரையும் வேலையையும் ஒட்டுவது தவறு. இணையப் பக்கத்தில் காணும் கவரேஜ், அந்த வரிசையோடு பொருந்திய எல்லாத் துண்டுகளையும் சேர்த்த கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். கட்டளை வரியில் அந்த மொத்தக் கணக்கை `qcovs` என்றும், ஒரு துண்டின் கணக்கை `qcovhsp` என்றும் தனித்தனியே கேட்கலாம்:

```
-outfmt "6 std qcovs qcovhsp"
```

`qcovs` 95, `qcovhsp` 30 என்று வந்தால் பொருத்தம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது.

ஒற்றுமை விழுக்காடு பயன்படுவது உறவு உறுதியான பிறகு, எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க. "70% ஹோமாலஜி" என்று எழுதுவது அதனால்தான் பிழை: பொது மூதாதை உண்டு அல்லது இல்லை, 70 என்பது ஒற்றுமையின் அளவு மட்டுமே.