`filtration` என்று தேடினால் 11 இடம்தான்: ஒரு பிடிஎஃப் செயலியோடு 2 ஆண்டுகள்

நான் பாடப்புத்தகம் படிக்கும் செயலி இப்போது சலுகை விலையில் கிடைக்கிறதாம். வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2 ஆண்டுகளாகத் தினமும் திறக்கிறேன். 1,100 பக்க உடலியங்கியல் புத்தகம் ஒன்றை முழுவதும் இதில்தான் படித்தேன். ஆனால் இதன் தேடல் பெட்டி மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது சிறுநீரகப் பாடத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். `filtration fraction` பற்றி இந்தப் புத்தகம் என்ன சொல்கிறது என்று தேடினேன். ஒரு முடிவும் இல்லை. சரி, `filtration` என்று மட்டும் அடித்தேன். 11 இடங்கள் வந்தன. அந்தப் பதினொன்றையும் படித்துவிட்டு, இந்த ஆசிரியர் அதை விளக்கவில்லை என்று முடிவு செய்து வேறு குறிப்பேட்டிலிருந்து படித்தேன். தேர்வு முடிந்த பிறகு சும்மா புரட்டும்போது கண்ணில் பட்டது: முக்கால் பக்கத்துக்குத் தெளிவான விளக்கம், சிறுநீரகத்துக்கு வரும் பிளாஸ்மாவில் ஏறக்குறைய 20 சதவீதம் வடிகட்டப்படுகிறது என்ற கணக்கோடு. எதிர்ப்பக்கத்தில் நானே போட்ட மஞ்சள் ஹைலைட்டும் இருந்தது.

`filtration`-க்கும் ஒன்றும் வரவில்லை என்றால் சந்தேகம் வந்திருக்கும். 11 வந்ததால்தான் ஏமாந்தேன். பிறகு அந்தப் பதினொன்றையும் மறுபடி பார்த்தேன். எல்லாமே தலைப்பிலோ வாக்கியத்தின் தொடக்கத்திலோ பெரிய எழுத்தில் `Filtration` என்று வந்தவை. சின்ன எழுத்தில் வந்த ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. காரணம் அங்கேதான் இருக்கிறது. அச்சுக்கோப்பில் சின்ன `f`-ம் அடுத்து வரும் `i`-யும் இடித்துக்கொள்ளாமல் இருக்க இரண்டையும் சேர்த்து ஒரே கூட்டெழுத்தாக வார்த்துவிடுவார்கள். பக்கத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் பக்கத்தின் தோற்றத்துக்குப் பின்னால், தேடவும் நகலெடுக்கவும் பயன்படும் எழுத்து அடுக்கில் அது `U+FB01` என்ற தனிக் குறியாகப் பதிவாகியிருக்கிறது. நாம் அடிப்பது இரண்டு எழுத்து, அங்கே இருப்பது ஒன்று. `f`-ம் `l`-ம் சேரும் `reflex`, `inflammation` எல்லாவற்றுக்கும் இதே கதி. பெரிய `F` வந்தால் பொதுவாக இந்தக் கூட்டு இருக்காது, அதனால்தான் அந்தப் பதினொன்று தப்பித்தன.

உங்கள் புத்தகத்தில் இப்படி இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அந்தச் சொல்லை நகலெடுத்து எளிய எழுத்துத் திருத்தி ஒன்றில் ஒட்டுங்கள். கர்சரை அம்புக்குறியால் நகர்த்தினால் `f`, `i` இரண்டையும் ஒரே தாண்டலில் கடந்தால் அது கூட்டெழுத்து. தேடும்போது அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு `ltration` என்று அடித்தால் போதும். எனக்கு 143 இடங்கள் வந்தன. `infiltration`-ம் அதில் கலந்திருந்தது, ஆனால் எதுவும் விட்டுப்போகவில்லை. ஒட்டிப் பார்க்கும்போது அந்த இடத்தில் வெற்றிடமோ கட்டமோ வந்தால் நிலைமை இன்னும் மோசம். எழுத்துருவின் அந்த வடிவம் எந்த எழுத்து என்ற குறிப்பே கோப்பில் இல்லை என்று பொருள். என்னிடம் அப்படி ஒரு பழைய கருவிக் கையேடு இருந்தது. அதன் பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுத்து, புதிதாக எழுத்து அடுக்கு போட வேண்டியிருந்தது. `ocrmypdf` என்ற கட்டளைவரிக் கருவி இதைச் செய்யும்:

```
ocrmypdf --force-ocr -l eng manual.pdf manual-new.pdf
```

இதை ஹைலைட் போடத் தொடங்கும் முன், கோப்பின் பிரதி ஒன்றில் செய்துவிடுங்கள். கோப்பின் அளவு கூடும், எழுத்தின் கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் தேடல் வேலை செய்யும்.

தமிழ் நூல்களில் இதே நோய் வேறு உருவில் வருகிறது. `பொறியியல்` என்று தேடினால் பல கோப்புகளில் கிடைக்காது. பார்வைக்குக் கொம்பு முதலில் நிற்பதால் எழுத்து அடுக்கிலும் கொம்பு முதலில், பிறகு ப, பிறகு கால் என்று பதிவாகிவிடுகிறது. `றியியல்` என்று தேடினால் வந்துவிடும். கொம்பும் ஐகாரக் குறியும் வராத துண்டாகப் பார்த்துத் தேடுவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

கோப்பு அப்படி இருந்தால் செயலி என்ன செய்யும் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அதே கோப்பை பயர்பாக்ஸ் உலாவியில் திறந்து `filtration` என்று அடித்தேன். கூட்டெழுத்தில் இருந்தவையும் வந்தன. அது தேடும் முன் கூட்டெழுத்தைப் பிரித்துக்கொள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் உலாவி செய்வதைக் காசு வாங்கும் செயலி 2 ஆண்டுகளாகச் செய்யவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். உங்கள் கோப்பில் குறை என்று இரண்டு முறையும் பதில் வந்தது.

ஆனால் ஹைலைட்டில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் தீட்டுவதைத் தன் கிடங்கில் வைத்துக்கொள்ளாமல் கோப்புக்குள்ளேயே எழுதுகிறது. டேப்லெட்டில் தீட்டியது கணினியில் வேறு செயலியில் திறந்தாலும் அப்படியே தெரிகிறது. பக்கவாட்டில் அத்தனை ஹைலைட்டும் பாடவாரியாகப் பட்டியலாக வருகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு 1,100 பக்கத்தையும் அந்தப் பட்டியலை மட்டும் வைத்தே ஓட்டினேன். பட்டியலுக்குள் தேடும்போது மட்டும் அதே கூட்டெழுத்துத் தகராறு. அதற்கு வழி, ஹைலைட் போட்டதும் குறிப்புப் பெட்டியில் முக்கியச் சொல்லை நாமே தட்டிவிடுவது. நாம் தட்டிய எழுத்துகள் தனித்தனியாகவே இருப்பதால் தேடினால் தப்பாமல் வரும்.

புக்மார்க் எழுத்து அடுக்கை நம்பியில்லை, பக்க எண்ணை மட்டுமே நம்பியிருக்கிறது. அதனால் திரும்பத் திரும்பத் தேவைப்படும் வரைபடங்களுக்கெல்லாம் புக்மார்க்தான். அச்சு எண்ணைப் பார்த்துப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: என் புத்தகத்தின் முன்னுரைப் பகுதி 24 பக்கம், ரோமன் எண்ணில். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவில் 312 என்று இருந்தால் செயலியில் 336 என்று அடிக்க வேண்டும். கழித்துக் கூட்டிப் பழகிவிட்டது. தேடல் கைவிட்ட பிறகு அந்தச் சொல்லடைவும் இந்த 24-ம்தான் எனக்குத் துணை.

நண்பரிடம் கடைசியில் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீங்களும் இதைத்தானே வைத்திருக்கிறீர்கள் என்றார். ஆமாம், சந்தாவைப் போன மாதம்தான் புதுப்பித்தேன், அந்த ஹைலைட் பட்டியலை விட்டுப் போக முடியாமல். ஆனாலும் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது புத்தகத்தில் இருப்பதை இல்லை என்று சொன்ன ஒன்றை, மருத்துவம் படிக்கும் அவர் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.