மூன்று பால் பாட்டில்கள், பத்து மாதம்

டாக்டர் சொல்லி மகளுக்குப் பவுடர் பால் தொடங்கியபோது அவளுக்கு மூன்று மாதம். மன்னார்குடியில் கண்ணாடி, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், சிலிகான் என மூன்றிலும் ஒவ்வொரு பாட்டில் வாங்கினோம்.

முதலில் போனது கண்ணாடி. மார்கழி விடியலில், கழுவி ஈரமாகக் கிரானைட் மேடையில் வைத்திருந்த பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். தூக்கினால் அடிப்பாகம் மட்டும் காசு மாதிரி மேடையிலேயே நிற்கிறது. உள்பக்கம் சட்டென்று விரிய, குளிர்ந்த வெளிப்பக்கம் விரியாததால் வந்த வெடிப்பு. சாதாரணக் கண்ணாடி இதைத் தாங்காது. அடுத்து, சூட்டில் அதிகம் விரியாத போரோசிலிகேட் கண்ணாடி என்று போட்டதாகப் பார்த்து வாங்கினேன். ஒன்பது மாதமாக இருக்கிறது. விளிம்பு கொஞ்சம் சில்லு போனாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். "அதுக்குத்தான் சங்குல குடுன்னேன்" என்றார் அத்தை.

பிளாஸ்டிக் பாட்டில் உடையாது, ஆனால் சூடுதான் அதற்குச் சிக்கல். 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வில், தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 95 ஆனபோது பாலிப்ரொப்பிலீன் பாட்டிலில் உதிர்ந்த நுண்துகள் லிட்டருக்கு 6 லட்சத்திலிருந்து 5.5 கோடியாக ஏறியது. துகளை எண்ணினார்களே தவிர, கெடுதலை அளக்கவில்லை. அதே சமயம், பவுடரில் இருக்கக்கூடிய கிருமி சாக 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஆறிய தண்ணீரில் கலக்கவும் முடியாது.

நான் செய்வது இதுதான்: கொதித்து இறக்கி அரை மணிக்குள், வெந்நீரில் கொதிக்கவைத்த எவர்சில்வர் டம்ளரில் பவுடரைக் கலக்குவேன். டம்ளரைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, வெதுவெதுப்பானதும்தான் பாட்டிலுக்கு மாற்றுவேன். இப்படிச் செய்தால் எந்தப் பாட்டிலாக இருந்தாலும் கவலை குறைவு.

சிலிகான் கொதிநீரைச் சாதாரணமாகத் தாங்கும். ஆனால் வெளியே தொட்டால் உள்ளே இருக்கிற சூடு அவ்வளவாகத் தெரியாது. இறுக்கிப் பிடித்தால் பால் பீய்ச்சி அடிக்கும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை. சோப்பு வாசனையையும் பிடித்துக்கொள்கிறது. கொதிக்கவைத்த பிறகும் வாசனை போகவில்லை என்று ஏழாம் மாதம் மாற்றினேன்.

பிளாஸ்டிக்கை நான்காம் மாதமே மாற்றிவிட்டேன். அதற்கு முன் ஒருமுறை ஏமாந்தேன். எங்கள் போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் வெள்ளையாகப் படியும். பாட்டில் மங்கிப்போனதென்று நினைத்தேன். எலுமிச்சைச் சாறு தேய்த்துப் பார்த்தால் படிவு போய்விட்டது. தேய்த்தும் மங்கல் போகாமல், உள்ளே விரல் வைத்தால் கீறல் தட்டுப்பட்டால்தான் மாற்றும் நேரம். அளவுக்கோடு அழிந்தாலும் மாற்ற வேண்டியதுதான், பவுடர் அளவு தவறும்.

நிப்பிளை மட்டும் மூன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். தலைகீழாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். பல் முளைத்தபின் அவள் கடித்த ஒன்றில் பால் கோடாக ஓடியது. இழுத்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய கிழிசல்.