பற்றுச்சீட்டா, கேக் கொப்பியா, பேஸ்புக் பக்கமா? பேக்கரி வாடிக்கையாளரை எதிலிருந்து வரைவது

கல்லடியில் எங்கள் குடும்பம் நடத்தும் பேக்கரிக்கு, யாரை மனத்தில் வைத்துச் சுடுகிறோம், யாருக்காக விளம்பரம் எழுதுகிறோம் என்று காட்டும் வாடிக்கையாளர் சித்திரம் ஒன்று தேவைப்பட்டது. அதை வரைய மூன்று பதிவுகள் கையில் இருந்தன: காசுப் பெட்டியில் பதிவாகும் பற்றுச்சீட்டுகள், கேக் ஓடர் கொப்பி, பேஸ்புக் பக்கத்தின் புள்ளிவிவரம். நாங்கள் பற்றுச்சீட்டுகளையே அடிப்படையாகக் கொண்டோம்.

பேஸ்புக் பக்கம் பார்வைக்குக் கவர்ச்சியானது. வயது, பால், ஊர் எல்லாவற்றையும் கேட்காமலே தந்துவிடும். ஆனால் மட்டக்களப்புக் கடையொன்றின் பக்கத்தைத் தொடர்பவர்களில் டோகாவிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள் கணிசமானோர், அவர்கள் காலையில் பாண் வாங்க வருவதில்லை. கேக் கொப்பி அதைவிட நம்பத்தக்கது. தொலைபேசி எண் இருப்பதால் அதே ஆள் மீண்டும் வந்தாரா என்பதைக் கண்டறியலாம். வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்ப, கேக் ஆரையம்பதியில் இருக்கும் தாயின் வீட்டுக்குப் போவதுபோல, பணம் கொடுப்பவரும் சாப்பிடுபவரும் வேறு என்பதும் அதில்தான் தெரியும். எனினும் அது கொண்டாட்ட நாளின் ஆளைக் காட்டுமே தவிர, அன்றாடம் வருபவரைக் காட்டாது.

பற்றுச்சீட்டில் பெயர் இல்லை. நேரமும் பொருளும் தொகையும் மட்டுமே உண்டு. ஒரு மாதச் சீட்டுகளை எக்செல் தாளில் எடுத்தவுடன் பலரும் முதலில் செய்வது சராசரி காண்பது. அங்கேதான் சித்திரம் பொய்யாகிறது. உதாரணத்துக்கு, பத்துச் சீட்டுகளில் ஆறு 200 ரூபாய்க்கும் நான்கு 900 ரூபாய்க்கும் இருந்தால், சராசரி 480 ரூபாய். ஆனால் 480 ரூபாய்க்கு வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. அந்த இல்லாத மனிதருக்காகப் பொதி தயாரித்தால், அது பாண் மட்டும் வாங்குபவருக்கு அதிகமாகவும் வீட்டுக்கு வாங்கிச் செல்பவருக்குக் குறைவாகவும் இருக்கும்.

ஆகவே சீட்டுகளை முதலில் மணிவாரியாகப் பிரித்து, பின்பு ஒவ்வொரு மணிக்குள்ளும் எந்தப் பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். எங்கள் தாளில் தெளிவாகத் தெரிந்த குவியல்கள் இரண்டு. காலையில் ஒரு றாத்தல் பாண், அதனுடன் வேறெதுவும் இல்லை. மாலையில் ரோல்ஸோ பற்றிஸோ மீன் பணிஸோ மூன்று நான்காக. இரண்டாவது குவியலை உடனே “வேலைக்குப் போகும் தாய்” என்று எழுதிவிடத் தோன்றும், ஆனால் சீட்டு அப்படிச் சொல்லவில்லை. நான்கு ரோல்ஸ், மாலை ஐந்து மணி என்று மட்டுமே சொல்கிறது. மீதியை, அந்த நேரத்தில் வருபவர்களிடம் “யாருக்கு வாங்குறீங்க, எங்க போற வழியில?” என்று காசு வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் முறை. அவ்வாறு கேட்டபோது, டியூசன் முடிந்த பிள்ளையை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெற்றோர் பலர் என்பதும், அவர்களில் தந்தையரும் குறைவில்லை என்பதும் தெரிந்தன.

மூன்றில் எதைத் தேர்வது என்பதை எனக்குத் தீர்மானித்துத் தந்தது, பதிவைச் சரிபார்க்க முடிகிறதா என்ற ஒரே கேள்விதான். பேஸ்புக் எண்ணைக் கடைக்குள் எதனோடும் ஒப்பிட முடியாது. பற்றுச்சீட்டை, காலையில் சுட்டதும் இரவில் மிஞ்சியதும் எழுதப்படும் போறணைக் கொப்பியோடு ஒப்பிடலாம். மீன் பணிஸ் அறுபது சுட்டுப் பத்து மிஞ்சியிருக்கையில் சீட்டுகளில் முப்பதுதான் இருந்தால், நெரிசலில் காசாளர் ஒரே விலையுள்ள எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தானை அழுத்துகிறார் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். அதைத் திருத்தாமல் பொருள்களின் சேர்க்கையை ஆராய்வதில் பயனில்லை; ஒவ்வொன்றுக்கும் தனிப் பொத்தான் வைத்து, அடுத்த மாதச் சீட்டுகளிலிருந்து தொடங்குவதே மேல். வரைந்த சித்திரத்தையும் இதேபோலச் சோதிக்கலாம்: அவர் வாங்குவதாக நாம் எழுதிய பொருள்களை, எழுதிய நேரத்தில், புதிய மாதச் சீட்டுகளில் தேடிப் பார்த்தால், அரிதாகவே அகப்படும் ஒருவர் நம் கற்பனையில் பிறந்தவர்.

கேக் கொப்பியை நாங்கள் கைவிடவில்லை. கொண்டாட்ட வாடிக்கையாளருக்குத் தனிச் சித்திரம் அதிலிருந்துதான் எழுதினோம். அப்போது பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு நாள், எடை, நிகழ்வு ஆகியவற்றை மட்டும் படியெடுத்தோம், ஏனெனில் ஓடருக்காகத் தந்த எண் வேறு தேவைக்கு உரியதன்று.

நோன்பு மாதத்தைப் பற்றி மட்டும் நான் உறுதியாக எழுதமாட்டேன். மாலைக் குவியல் அப்போது நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் நெருங்குவது எங்கள் சீட்டுகளிலும் தெரிகிறது, ஆனால் எங்களிடம் இருப்பது ஒரேயொரு நோன்பு மாதப் பதிவு. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ கடை வைத்திருப்பவர்கள் அந்த மாதத்துச் சீட்டுகளை மற்ற மாதங்களோடு கலக்காமல் தனித் தாளில் வைத்துப் பார்ப்பது நல்லது.