ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழ்த் தேடல்: மூன்று வழிகளில் எது பிடிக்கிறது?

மூட்டு வலி மருந்து விற்கும் ஒருவர் கூகுள் ஆட்ஸில் தேடல் விளம்பரம் போடுவதாகக் கொள்வோம். வாங்க வருபவர்களில் பலர் இச்சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதற்குப் பொது எழுத்துமுறை எதுவும் கிடையாது. ‘மூ’ என்பது moo, mu, muu என மூன்று விதம். ‘ட்டு’ என்பது ttu, tu என இரண்டு. ‘ந்து’ என்பது nthu, ndhu, ndu, ntu என நான்கு. பெருக்கினால் 24 வடிவங்கள். ‘மூட்டு’, ‘வலி’ இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவோரையும் கணக்கில் கொண்டால் 48.

முதல் வழி, இந்த 48-ஐயும், அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும் விளம்பரம் காட்டும் எக்ஸாக்ட் மேட்ச் கீவேர்டுகளாக ஏற்றிவிடுவது. உழைப்புக்கேற்ற பலன் இதில் இல்லை என்பது என் கருத்து. அரிதான வடிவங்கள் ‘குறைந்த தேடல் அளவு’ என்ற நிலைக்குத் தள்ளப்பட்டு, தேடல் கூடும்வரை செயலற்றுக் கிடக்கும். அதோடு, valikku என்று வேற்றுமை உருபு ஏறிய தேடல் வந்தால் பட்டியல் மறுபடியும் பெருகத் தொடங்கும்.

இரண்டாவது வழி, தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் பிராட் மேட்ச். எழுத்து வேறுபாட்டை அது தாராளமாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் பொருளையும் அதே தாராளத்துடன் விரிப்பதால், thalai vali marunthu என்று தலைவலிக்குத் தேடுபவரின் கிளிக்குக்கும் பணம் போகக்கூடும். பலர் ‘வழி’யையும் vali என்றே எழுதுவதால் குழப்பம் இன்னும் கூடும்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: அதிகம் புழங்கும் சில வடிவங்களை மட்டும், கீவேர்டின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு விளம்பரம் காட்டும் ஃபிரேஸ் மேட்ச்சில் வைத்து, மீதியை, மக்கள் உண்மையில் தட்டிய தேடல்களைக் காட்டும் தேடல் சொல் அறிக்கையிலிருந்து சேர்ப்பது.

```
"mootu vali"
"moottu vali"
"muttu vali"
```

இதில் vali ஒருபோதும் தனித்து நிற்கக் கூடாது. அறிக்கையில் பொருத்த வகைக்கான பத்தியைத் திறந்து பார்த்தால், ஒரு தேடல் நேரடியாகப் பொருந்தியதா, நெருங்கிய வேறுபாடாகப் பொருந்தியதா என்று தெரியும். mutu vali என்பது ஏற்கெனவே வேறுபாடாக வந்துகொண்டிருந்தால் அதைத் தனியே சேர்க்க அவசரமில்லை. வராத வடிவத்துக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும். பொருந்தாத தேடல்களைத் தடுக்கும் நெகட்டிவ் கீவேர்டுகளில் கவனம் கூடுதலாகத் தேவை. எழுத்துப்பிழைகளை அவை 2024 முதல் கணக்கில் கொண்டாலும், thalai, talai, thala எல்லாம் ஒரே சொல்லின் பிழைகளாகக் கொள்ளப்படும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே மூன்றையும் தனித்தனியே எழுதுவதே பாதுகாப்பு.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. போதிய எண்ணிக்கையில் தேடப்படாத சொற்களை அறிக்கை காட்டுவதில்லை. நாம் தேடுகிற அரிய எழுத்துக்கூட்டல்களோ பெரும்பாலும் அந்த மறைவுக்குள்தான் கிடக்கின்றன. கீவேர்டின் மொத்தக் கிளிக்குகளிலிருந்து அறிக்கையில் தெரியும் கிளிக்குகளைக் கழித்தால் மறைந்திருப்பது எவ்வளவு என்பது புலப்படும். அந்தப் பங்கு பெரிதாக இருந்து, விற்பனையும் சரியாகப் பதிவாகிவருமானால், தனிப் பிரச்சாரத்தில் சிறு தொகை ஒதுக்கி பிராட் மேட்ச்சைச் சோதிக்கலாம்.