பேட்டியை வாங்கிக்கொண்டு 2,800 வெள்ளியை விழுங்கிவிட்டார்கள்: பெயர் போடாமல் எழுதுபவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று நானே சொல்லிவிடுவேன். அவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். போனது 2,800 வெள்ளி. விழுங்கியது கோலாலம்பூரில் உள்ள ஒரு சின்ன கன்டென்ட் ஏஜென்சி. கோர்ட்டுக்குப் போவதால் பெயரை இங்கே போடவில்லை.

நான் செய்வது முதலாளிகளின் பெயரில் லிங்க்ட்இன் கேரோசல் எழுதும் வேலை. விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் எட்டு, பத்து ஸ்லைடு, பிடிஎஃப் ஆக ஏற்றுவது. ஒரு ஸ்லைடில் முப்பது சொல்லுக்கு மேல் போனால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். மொத்தமே முந்நூறு சொல் தேறாது. "இதை எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் அதிகம். எழுதுவதற்கு ஆகாதுதான். அந்த முதலாளி பேசுவது போலவே அந்த முந்நூறு சொல்லும் இருக்க வேண்டுமே, அதற்கான வேலை முழுக்கப் பேட்டியில் இருக்கிறது. இவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் பேட்டியைத்தான்.

ஏஜென்சியை நடத்தும் பெண் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்துப் பேசினார். நான்கு கேரோசல், பேட்டியும் சேர்த்து 2,800 வெள்ளி. முதல் கேரோசலுக்கு கிளையன்ட் சரி சொன்னதும் முழுப் பணம். முன்பணம் கேட்டேன். "அக்கா, நம்ம ஆளுங்ககிட்டயே நான் டெபாசிட் பேசுவேனா? உங்க வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றி விசாரித்தார். கிளம்பும்போது வீட்டுக்கென்று ஒரு டப்பா முறுக்கு வேறு கொடுத்தார். அந்த முறுக்கை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளையன்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் தொழில் செய்பவர். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூச்சு விட நேரமில்லாதவர், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார். கையில் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம்.

இப்படிப்பட்டவரிடம் "உங்கள் கம்பெனியின் கொள்கை என்ன?" என்று ஆரம்பித்தால் பேட்டி அங்கேயே முடிந்தது. புரோஷரில் அச்சடித்ததையே திருப்பிச் சொல்வார். அதனால் நான் கேள்விகளை முன்கூட்டி அனுப்புவதில்லை. எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று மட்டும் சொல்வேன். கேள்விகளை அனுப்பினால் செயலாளர் பதில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார், அப்புறம் செயலாளரின் குரல்தான் எனக்குக் கிடைக்கும். அவர் ஊழியர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் நான்கைந்தை, அவர் சம்மதத்தோடு, முதலிலேயே வாங்கிக் கேட்டிருந்தேன். வாழ்க்கை வரலாறு, கம்பெனி தொடங்கிய கதை இதெல்லாம் வெப்சைட்டில் கிடைக்கும், அதற்கு அவருடைய நிமிடங்களைச் செலவழிக்கத் தேவையில்லை.

என் முதல் கேள்வி: "இந்த மாசம் உங்களுக்கு ரொம்ப கோபம் வர வச்ச பில் எது சார்?"

சிரித்துவிட்டார். ஒரு வாடிக்கையாளரின் பருப்பு கன்டெய்னர். சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பத்திரமான பில் ஆஃப் லேடிங்கில் இருந்த கம்பெனிப் பெயரும் மற்ற பத்திரங்களில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. திருத்தி வாங்குவதற்குள் கன்டெய்னரைக் கட்டணமில்லாமல் விட்டுவைக்கும் இலவச நாட்கள் தீர்ந்து, நாளுக்கு நாள் கட்டணம் ஏறியிருக்கிறது. நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென்று, "நாங்கள் எப்போதும் வாடிக்கையாளர் நலனையே முன்னிறுத்தி..." என்று ஆரம்பித்தார். "நான்" போய் "நாங்கள்" வருகிறது, வாக்கியம் நீள்கிறது, அதுவரை ஆடிக்கொண்டிருந்த கை மேசையில் படுத்துவிடுகிறது. மேடைக் குரலுக்குப் போய்விட்டார் என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அதில் ஒரு வரிகூடக் கேரோசலுக்கு உதவாது. குறுக்கே புகுந்து, "அந்த வாடிக்கையாளர்கிட்ட போன்ல என்ன சொன்னீங்க? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க சார்" என்றேன்.

"என்ன சொல்றது? 'அண்ணே, கன்டெய்னர் வாயே திறக்காது. பில்லுதான் பேசும்'னேன்."

நான் தேடிப் போனது இந்த மாதிரி வரியைத்தான். உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் பேசாமல் இருந்தேன். அந்த அமைதி அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும், அவராகவே மேலே பேசினார். புதிதாக இறக்குமதி செய்பவர்கள் இரண்டு கட்டணத்தை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள் என்றார். சரக்கோடு கன்டெய்னர் துறைமுகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் அது டெமரேஜ். வெளியே எடுத்துப் போய், காலி கன்டெய்னரைக் காலத்தில் திருப்பிக் கொடுக்காவிட்டால் அது டிடென்ஷன். இதை அவர் இப்படித் தெளிவாகச் சொல்லவில்லை. மேசையில் இருந்த ஸ்டேப்ளரைக் கன்டெய்னராக வைத்து, "இங்க கெடந்தா இது, அங்க போயி கெடந்தா அது" என்று நகர்த்திக் காட்டினார். ரெக்கார்டரில் "இங்க", "அங்க" மட்டும்தான் விழும். எது இங்கே, எது அங்கே என்று என் நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டுக்கொண்டேன்.

நடுவில் ஒரு போன் வந்தது. பதிவை நிறுத்திவிட்டேன், அடுத்தவர் பேச்சு நமக்கு எதற்கு? ஆனால் அவர் பேசும் விதத்தைக் கவனித்தேன். யாரையும் திட்டுவதில்லை, கேள்வி கேட்டே மடக்குகிறார். "சரி, கடைசியா யாரு கட்டறது?" என்பதை அந்த இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, அவர் இழுத்த இழுவையைக்கூட விடாமல் முழுப் பேச்சையும் தட்டச்சு செய்தேன். அப்புறம் அவர் எப்படிப் பேசுவார் என்று ஒரு பக்கத்தில் குரல் குறிப்பு. வணக்கம், அறிமுகம் எதுவும் இல்லாமல் ஒரு பில்லில் தொடங்குவார். வாக்கியம் ஆறேழு சொல்லைத் தாண்டாது. அறிவுரையைக் கேள்வியாகத்தான் கேட்பார். கனவு, பயணம், வெற்றி என்ற சொற்களைத் தொடவே மாட்டார். முதல் கேரோசலுக்கு எந்த ஸ்லைடில் எது வரவேண்டும் என்ற வரிசையும் போட்டேன்.

"எழுத ஆரம்பிக்கும் முன்னாடி ஃபைலில் வைக்க வேண்டும், ரெக்கார்டிங், தட்டச்சுப் பிரதி, குறிப்பு எல்லாம் அனுப்புங்க அக்கா" என்று ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது. அனுப்பினேன். மறுநாளே, "கிளையன்ட் திட்டத்தைத் தள்ளிப்போட்டுட்டார், எழுத வேண்டாம், பிறகு சொல்றோம்" என்றார்கள்.

பணத்தைக் கேட்டேன். கணக்குப் பிரிவில் ஆள் லீவு. அடுத்த வாரம் கேட்டேன், கிளையன்டிடமிருந்து இன்னும் வரவில்லை. அப்புறம் கேட்டபோது, "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்". பிறகு வெறும் நீல டிக். ஆபீஸுக்கே போனேன். வரவேற்பில் இருந்த பையன், "மேடம் பினாங்கு போயிட்டாங்க" என்றான். மேடத்தின் குரல் உள்ளே கண்ணாடி அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் அந்தக் கேரோசலை லிங்க்ட்இனில் பார்த்தேன். முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில், "கன்டெய்னர் வாயே திறக்காது. பில்லுதான் பேசும்." அப்புறம் பருப்பு, பெயர்க் குழப்பம், "கடைசியா யாரு கட்டறது?" எல்லாம் நான் போட்ட வரிசையில் அப்படியே. குறைந்த கூலிக்கு வேறு யாரையோ வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஆள் பேட்டியில் உட்காரவில்லை என்பது நாலாவது ஸ்லைடிலேயே தெரிந்துவிட்டது. டெமரேஜையும் டிடென்ஷனையும் மாற்றிப் போட்டிருக்கிறார். பேட்டிப் பிரதியில் "இங்க, அங்க" என்று மட்டும்தானே இருந்தது, ஸ்டேப்ளர் படம் என் நோட்டில் அல்லவா இருக்கிறது! லாரிக்காரர் ஒருவர் கீழே வந்து திருத்தியிருந்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் இருப்பவர் பெயரில் இந்தத் தப்பு. கடைசி ஸ்லைடில் "உங்கள் வெற்றிப் பயணத்தில் நாங்கள்" வேறு. அந்த மனிதர் கனவில்கூட அப்படிப் பேச மாட்டார்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியதும் பதில் உடனே வந்தது. இந்த முறை "அக்கா" இல்லை, ஆங்கிலத்தில் மூன்றே வரி. ஒப்பந்தப்படி ஒப்படைக்க வேண்டியது கேரோசல், நீங்கள் கேரோசல் எதையும் ஒப்படைக்கவில்லை, பேட்டி என்பது வெறும் தயாரிப்பு வேலை, அதற்குத் தனியாகப் பணம் இல்லை. நல்லெண்ணத்துக்கு 200 வெள்ளி தருகிறார்களாம். 2,800 எங்கே, 200 எங்கே? கல்யாண வீட்டில் சமையல்காரரை வைத்துக் குழம்புக்குக் கூட்டச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தவனுக்குத்தான் கூலி என்பது போல இருக்கிறது இவர்கள் நியாயம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டிக்குத் தனி விலை போடுங்கள், அதைப் பேட்டிக்குப் போகும் முன்பே வாங்குங்கள். "கிளையன்ட் சரி சொன்னதும் பணம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிட்டுத் தேதி போடச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தக் கிளையன்ட் என்ன சொன்னார் என்பது உங்கள் காதுக்கு வராது. பணம் வரும்வரை ரெக்கார்டிங்கும் குரல் குறிப்பும் உங்களிடமே இருக்கட்டும். ஃபைலுக்கு வேண்டும் என்றால் எழுதி முடித்த கேரோசலோடு அனுப்பலாம்.

எனக்கு நண்பர் ஒருவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னார். அது வாங்கியவர்களுக்கு, வேலை செய்து கொடுத்த நமக்கு இல்லை. 5,000 வெள்ளிக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம், வக்கீல் வேண்டாம், 198ஆம் எண் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். 2,800 வெள்ளி அதற்குள்தான் வருகிறது. பாரத்தை நிரப்பிவிட்டேன். வாட்ஸ்அப் செய்திகள், ஃபைல் அனுப்பிய தேதி, கேரோசலின் ஸ்கிரீன்ஷாட், ஸ்டேப்ளர் படம் போட்ட அந்த நோட்டுப் பக்கம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை போய்ப் பதிகிறேன்.

கோலாலம்பூரில் தே தாரிக்கும் முறுக்கும் கொடுத்து வேலை பேசும் ஏஜென்சியிடம் வேறு யாருக்காவது பணம் நிற்கிறதா? இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், தேதியும் தொகையும் போட்டு.