ஈரலா, உருளைக்கிழங்கா: பெராக்சைடு செறிவை மாற்றி ஆக்சிஜன் அளக்க எது தோது?

ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைக்கும் நொதி கேட்டலேஸ். அதன் சோதனை என்றாலே பலருக்கும் ஈரல்தான் நினைவுக்கு வரும். சுண்டைக்காய் அளவு ஆட்டு ஈரலை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டால் போதும், குழாயின் வாய்வரை நுரை பொங்கிவிடும். தணலோடு இருக்கும் ஊதுவத்தியை நுரைக்குள் நீட்டினால் குப்பென்று பற்றும். உருளைக்கிழங்கு இப்படியெல்லாம் வேடிக்கை காட்டாது. வில்லைகளின் ஓரத்தில் குமிழ்கள் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நின்று, சோம்பலாக மேலே போகும்.

நொதி இருக்கிறதா என்று காட்டுவதுதான் நோக்கம் என்றால் ஈரலே போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். பெராக்சைடின் செறிவைக் கூட்டினால் வினைவேகம் எப்படி மாறுகிறது என்று அளக்கப் போகிறோம் என்றால் கதை வேறு. அங்கே ஈரலின் வேகமே அதற்கு எதிரியாகிவிடுகிறது.

முதலில் கருவிகளைப் பார்த்துவிடலாம், இரண்டுக்கும் ஒரே அமைப்புதான். கூம்புக் குடுவை, இரண்டு துளை போட்ட ரப்பர் அடைப்பான். ஒரு துளையில் ஊசியில்லாத சிரிஞ்சு, இன்னொன்றில் போக்குக் குழாய். குழாயின் மறுமுனை, தொட்டி நீரில் தலைகீழாகக் கவிழ்த்த 50 மி.லி. பியூரெட்டின் வாய்க்குள் போகும். அளவு உருளையும் ஆகும்; ஆனால் பியூரெட்டில் 0.1 மி.லி. வரை படிக்கலாம், உருளைக்கிழங்குக்கு அது தேவைப்படும். திசுவைக் குடுவையில் வைத்து, இறுக மூடி, 5 மி.லி. பெராக்சைடைச் சிரிஞ்சு வழியே செலுத்த வேண்டும். மூடியைத் திறந்து ஊற்றிவிட்டு மூடினால் முதல் சில நொடிகளின் வாயு போய்விடும், ஈரலில் அந்தச் சில நொடிகள்தான் எல்லாமே.

இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. 5 மி.லி. திரவம் உள்ளே போனால் 5 மி.லி. காற்று வெளியே தள்ளப்பட்டு பியூரெட்டில் சேரும். அது ஆக்சிஜன் இல்லை. நன்றாக வேகவைத்து ஆறவைத்த திசுவைப் போட்டு அதே சோதனையை ஒருமுறை செய்தால் இந்தக் காற்றின் அளவு தனியாகத் தெரிந்துவிடும். வெந்ததில் நொதி செத்திருக்கும். அதை எல்லா அளவீட்டிலிருந்தும் கழித்துவிட வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல், புட்டியில் ‘20 வால்யூம்’ என்றும் போட்டிருக்கும். 1 மி.லி. முழுதும் சிதைந்தால் ஏறக்குறைய 20 மி.லி. ஆக்சிஜன் வரும் என்பதுதான் அந்த எண். அதைப் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போனால் 3, 1.5, 0.75 சதவீதம் என்று மூன்று செறிவுகள் கிடைக்கும். (ஆய்வகத்தில் இருக்கும் 30 சதவீதம் இதற்கு வேண்டாம். தோலில் பட்டால் வெளுத்து எரியும்.)

இப்போது ஒரு கணக்கு. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். 2H2O2 → 2H2O + O2 என்பதால் பெராக்சைடு மோல்களில் பாதி எண்ணிக்கையில்தான் ஆக்சிஜன் வரும். 3 சதவீதக் கரைசல் 5 மி.லி.யில் 150 மி.கி. பெராக்சைடு, அதாவது 4.4 மில்லிமோல். அதிலிருந்து 2.2 மில்லிமோல் ஆக்சிஜன். 30 டிகிரி அறையில் அது ஏறக்குறைய 55 மி.லி. எவ்வளவு நொதியைக் கொட்டினாலும் இதற்கு மேல் ஒரு சொட்டு வாயுகூட வராது. இதுதான் உச்சவரம்பு. 1.5 சதவீதத்துக்கு 27, 0.75 சதவீதத்துக்கு 14 மி.லி.

சரி, ஒரு மாணவி 1 கிராம் ஆட்டு ஈரலை அப்படியே போட்டு ஒரு நிமிடத்தில் சேர்ந்த வாயுவைப் பெரிய அளவு உருளையில் அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் கழித்தபின் 0.75, 1.5, 3 சதவீதங்களுக்கு 14, 27, 55 மி.லி. என்று வருகிறது. வரைபடம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்கோடு. “செறிவு இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகிறது” என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் அந்த மூன்று எண்களும் உச்சவரம்புகளேதான். வினை ஒவ்வொரு குழாயிலும் நிமிடம் முடிவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. அவர் அளந்தது நொதியின் வேகத்தை அல்ல. தான் எவ்வளவு பெராக்சைடு ஊற்றினோம் என்பதை. ஈரலே இல்லாமல், காகிதத்தில் கணக்குப் போட்டே அந்தக் கோட்டை வரைந்திருக்கலாம்.

இதில் இன்னொரு தொல்லை சூடு. பெராக்சைடு சிதையும்போது ஒரு மோலுக்குச் சுமார் 98 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். 3 சதவீதம் 5 மி.லி. ஒரே மூச்சில் சிதைந்தால் அந்த வெப்பம் கரைசலை 15 முதல் 20 டிகிரி வரை ஏற்றப் போதுமானது. 0.75 சதவீதத்தில் அதில் கால்வாசிதான். ஆக, செறிவை மட்டும் மாற்றியதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, வெப்பநிலையும் கூடவே மாறியிருக்கும். குடுவையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் நுரை. ஈரலின் புரதம் குமிழ்களை உடையவிடாமல் பிடித்து வைக்கும். சிறிய குழாயில் செய்தால் நுரை போக்குக் குழாய்க்குள் ஏறி வாயுவின் வழியை அடைக்கும். பியூரெட்டில் கொஞ்ச நேரம் எதுவும் வராது, பிறகு திடீரென்று ஒரு குதி. அளவீட்டு வரிசையில் இந்த மாதிரிப் படிக்கட்டு தெரிந்தால் காரணம் நுரைதான். 100 மி.லி. குடுவைக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உருளைக்கிழங்கில் இந்த மூன்று தலைவலியும் கிட்டத்தட்ட இல்லை. அதில் கேட்டலேஸ் ஈரலைவிட மிகக் குறைவு. வாயு நிமிடத்துக்குச் சில மி.லி. என்ற கணக்கில், அல்லது அதற்கும் கீழே, வருவதால் 30 நொடிக்கு ஒருமுறை நிதானமாகக் குறித்துக்கொள்ளலாம். முதல் அரை நிமிடம் குமிழ்கள் வில்லையை விட்டு வராமல் அடம்பிடிக்கும். அந்தப் பகுதியை விட்டுவிட்டு அதற்கடுத்த நேர்கோட்டின் சாய்வை எடுத்தால் அதுதான் வேகம். உச்சவரம்பு எங்கோ தூரத்தில் இருக்கும். வெப்பமும் மெல்ல மெல்ல வெளிவந்து கலைந்துவிடும்.

ஆனால் கிழங்குக்கு ஒரு குறை உண்டு. அது வெளியே தெரியாது, அதனால் ஈரலின் குறையைவிட ஆபத்து. செறிவைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறி, பிறகு ஏறுவது மெதுவாகி, வரைபடம் வளைந்து தட்டையாகும். பாடப்புத்தகத்தில் இருக்கும் நொதி வரைபடம் அப்படியே வந்துவிட்டது என்று மகிழ்ந்து “நொதியின் இயங்கிடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன” என்று எழுதத் தோன்றும். கேட்டலேஸ் அவ்வளவு எளிதில் நிரம்புகிற நொதி இல்லை. பெராக்சைடு மிகுந்தால் அது நிரம்புவதற்கு முன்பே செயலிழக்கத் தொடங்கிவிடும். கிழங்கு வில்லையில் தெரியும் வளைவுக்கு, பெராக்சைடு திசுவுக்குள் ஊடுருவிப் போக எடுக்கும் நேரமும் ஒரு காரணம். ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள் பரப்பை மறைப்பது இன்னொன்று. வெட்டுப்பட்ட செல்களில் இருக்கும் நொதி உடனே வேலை செய்கிறது, உள்ளே இருப்பது காத்துக்கிடக்கிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். கார்க் போரரால் 1 செ.மீ. விட்டத்தில் ஓர் உருளையை எடுத்து, 1 செ.மீ. நீளம் வெட்டினால் அதன் மேற்பரப்பு 4.7 சதுர செ.மீ. அதையே பிளேடால் 1 மி.மீ. வில்லைகள் பத்தாகச் சீவினால் எடை மாறாது, மேற்பரப்பு மட்டும் 18.8 சதுர செ.மீ. ஆகிவிடும், அதாவது நான்கு மடங்கு. ஒரே செறிவில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். வேகம் கணிசமாகக் கூடினால் நாம் அளந்துகொண்டிருந்தது பெரும்பகுதி மேற்பரப்பைத்தான். ஒரு சோதனையில் 1 மி.மீ., இன்னொன்றில் 2 மி.மீ. என்று வில்லை கனம் மாறினாலே செறிவின் விளைவு அதில் கரைந்துபோகும் என்பதும் இதிலிருந்து புரியும். எல்லா வில்லையும் ஒரே கிழங்கிலிருந்து வரவேண்டும். வெட்டியதும் தண்ணீரில் ஒருமுறை அலசி, ஒற்றி எடுத்து, அதிகம் காத்திருக்காமல் பயன்படுத்த வேண்டும். முளைவிட்ட கிழங்கையும் புதுக் கிழங்கையும் கலக்கக் கூடாது.

ஈரலுக்கு மேற்பரப்புச் சிக்கலைத் தவிர்க்கும் வழி ஒன்று இருக்கிறது. துண்டாகப் போடாமல் அரைத்துவிடுவது. 1 கிராம் ஈரலைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு உரலில் அரைத்து, 100 மி.லி. ஆக்கி, மெல்லிய துணியில் வடிகட்டினால் நொதி கரைசலிலேயே இருக்கும். பெராக்சைடு எதற்குள்ளும் ஊடுருவ வேண்டியதில்லை. pH 7 பஃபர் இருந்தால் தண்ணீரைவிட நல்லது. 100 மி.லி.க்கு நீர்த்தும் இது வேகமாகத்தான் இருக்கும். அதிலிருந்து பத்து மடங்கு, மறுபடி பத்து மடங்கு என்று நீர்த்துப் பார்க்க வேண்டும். எங்கே நிறுத்துவது? 0.75 சதவீதத்தில் முதல் 30 நொடியின் வாயு 14 மி.லி.யில் கால் பங்கை, அதாவது 3.5 மி.லி.யைத் தாண்டாத இடத்தில். அந்த நீர்ப்பில் 1 மி.லி.யைக் குடுவையில் வைத்து எல்லாச் செறிவுக்கும் ஓட்டலாம். கரைசலைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே முடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் அதே நொதி என்று சொல்ல முடியாது.

மாட்டு ஈரலிலிருந்துதான் உயிர்வேதியியலாளர்கள் சம்னரும் டவுன்சும் 1937-இல் கேட்டலேஸைப் படிகமாக்கினார்கள். நொதியியலுக்கு ஈரல் பழைய நண்பன். ஆனால் அதன் சத்தைப் பிழிந்து, நீர்த்து, ஆறவைத்துத்தான் அளக்க முடியும், துண்டாக அல்ல.

என் தீர்ப்பு இதுதான். ஒரு பாட வேளைக்குள் முப்பது பேர் செய்ய வேண்டும், பனிக்கட்டியோ பஃபரோ கிடையாது, ஈரலைத் தொட மாட்டேன் என்பவர்களும் வகுப்பில் இருக்கிறார்கள் என்றால் உருளைக்கிழங்கு வில்லைதான். 3 சதவீதத்துக்குக் கீழே நின்றுகொண்டு, வில்லைகளின் கனத்தைக் கறாராக ஒரே அளவில் வைத்தால் நம்பகமான ஏறுகோடு கிடைக்கும். வளைவின் காரணத்தைச் சொல்லும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். செறிவுக்கும் நொதிக்கும் உள்ள உறவையே தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு முழுப் பொழுது கையில் இருக்கிறது என்றால் நீர்த்த ஈரல் கரைசல். ஈரல் துண்டு இரண்டுக்கும் ஆகாது.

6 சதவீதத்தில் ஓட்டும்போது எந்தத் திசுவானாலும் ஒன்று நேரலாம்: உச்சவரம்பான 110 மி.லி.க்கு வெகு கீழேயே வாயு நின்றுபோகும். (இந்தச் செறிவுக்கு 50 மி.லி. பியூரெட் போதாது, பெரிய உருளை வேண்டும்.) அப்போது குடுவையைத் திறந்து புதிய ஈரல் கரைசலில் சில சொட்டு விடுங்கள். மறுபடி பொங்கினால் பெராக்சைடு மிச்சம் இருக்கிறது, பழைய நொதிதான் செயலிழந்துவிட்டது. பொங்காமல் கிடந்து, புதிய பெராக்சைடு விட்டபின் பொங்கினால் பெராக்சைடுதான் தீர்ந்திருக்கிறது, வாயு எங்கோ கசிந்துபோயிருக்கிறது; அடைப்பானின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.