ஆண்டு விழா போட்டோ: பேரண்ட்ஸ் குரூப்புல எந்த மெசேஜ் எடுபடும்?

அடுத்த வாரம் பசங்க ஸ்கூல்ல ஆண்டு விழாங்க. நாங்க இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம், குரூப்புல பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். மத்தவங்க புள்ளைங்க போட்டோவ போடாதீங்கன்னு சொல்ல மூணு விதமா எழுதிப் பாத்தேன்.

முதல்ல ஒரே வரி: "குரூப்புல யாரும் போட்டோ போடாதீங்க." போன வருஷம் இதத்தான் போட்டோம். குரூப்புல ஒருத்தரும் போடல, ஆனா அன்னிக்கு ராத்திரியே ஸ்டேட்டஸ்ல வந்துருச்சு, நாங்க குரூப்னு மட்டும்தான சொல்லியிருந்தோம். மூணாங்கிளாஸ் டான்ஸ் போட்டோ, பின்னாடி பேனர்ல ஸ்கூல் பேரு பளிச்சுன்னு தெரியுது, முன்வரிசைல பச்சப் பாவாடை கட்டி நின்ன புள்ளையோட அம்மா வீட்டுக்காரர விட்டுப் பிரிஞ்சு, இருக்கற எடம் தெரியக்கூடாதுன்னு இங்க வந்தவங்க. ரெண்டே நாள்ல அவரு ஸ்கூல் கேட்டுல வந்து நின்னுட்டாரு. அந்தம்மா முகம் இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு.

ரெண்டாவது, சட்டத்தச் சொல்லி மிரட்டறது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது, சரிதான். ஆனா ஒரு ஆளு தன் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்யறதுக்கு அதே சட்டத்துல விலக்கும் இருக்கு. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் அத எடுத்துப் போட்டா பேச்சு சட்டத்துக்குப் போயிரும், புள்ளைங்க விஷயம் நின்னு போயிரும். ஸ்கூலே தன் பேஜ்ல போடறதப் பத்தி ஆபீஸ்ல பேசறப்ப வேணா இத எடுக்கலாம்.

மூணாவதுதான் நான் அனுப்பப் போறது: "நாளைக்கு நல்லா போட்டோ எடுங்க. ஆனா குரூப், ஸ்டேட்டஸ், பேஸ்புக், இன்ஸ்டா எதுலயும் உங்க புள்ள மட்டும் இருக்கறதப் போடுங்க. பக்கத்துல வேற புள்ள இருந்தா கிராப் பண்ணிடுங்க, ஸ்கூல் பேரு, பேட்ஜ் தெரியாம பாத்துக்கோங்க. மத்த புள்ள போட்டோ நல்லா வந்திருந்தா அவங்கம்மாவுக்கோ அப்பாவுக்கோ தனியா அனுப்புங்க. சில வீட்டுல புள்ள எங்க படிக்குதுன்னு வெளிய தெரியக்கூடாத நெலம இருக்கு."

இதுல எதெல்லாம் கூடாதுன்னு பேர் சொல்லியாச்சு, எடுத்த போட்டோவ என்ன பண்றதுன்னும் சொல்லியாச்சு, காரணமும் யாரு வீடுன்னு காட்டாம வந்துருச்சு. குரூப் டான்ஸுக்கு மட்டும் இது சிரமந்தான், பன்னெண்டு புள்ளைங்க ஒட்டி நிக்கறப்ப கிராப் பண்ண முடியாது, அந்தப் போட்டோவ போன்லயே வச்சுக்கோங்கன்னு ஒரு வரி சேத்துட்டேன். முந்தின நாள் சாயங்காலம் ஒருக்கா, விழா முடியற நேரத்துக்கு ஒருக்கா அனுப்பணும். பாட்டிங்க கையிலயும் போன் இருக்கறதால தமிழ்லயும் மலையாளத்துலயும் வாய்ஸ் நோட்டும் உண்டு.

அப்படியும் யாராச்சும் போட்டுட்டா குரூப்புல வச்சுக் கேக்காம அவங்களுக்குத் தனியா போன் பண்ணுவேன், உடனே. வாட்ஸப்ல எல்லாருக்கும் அழிக்கறதுக்கு ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேலதான் டைம் இருக்கு, அதுக்குள்ள யாரு போன்லயாச்சும் சேவ் ஆகியிருந்தா அத இங்கிருந்து எடுக்க வழியில்ல.